மூலப்பொழிப்பு, உரைவரவு: சிவஞானபோத முதற் சூத்திரத்தை வைத்து

வெள்ளவத்தையிலிருந்து:
நண்பர்களே, நூலாசிரியர் சொன்னதை மட்டும் தரும் சுருக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும். 'பொழிப்பு' என்றால் உரையாசிரியர் சேர்த்ததும் அதற்குள் வந்துவிடுகிறது. 'மூலப்பொழிப்பு' பொருந்துமா? மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் சோதித்துப் பார்ப்போம்:

அவன்அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்

இதை 'சிவன் உலகை ஒடுக்கி, ஆணவமலம் பக்குவப்பட மீண்டும் படைக்கிறான்' என்று சுருக்குகிறார்கள். சிவன், ஆணவம், பக்குவம் மூன்றுமே சூத்திரத்தில் இல்லை. உலகு என்ற சொல்கூட இல்லை, 'அவை' என்றுதான் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
அப்படியென்றால் உரையை அடியோடு விட்டுவிடலாமே. 'உரைநீக்கச் சுருக்கம்' என்று நேரடியாகவே சொல்லுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
கலப்பது பிழை என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன். ஆனால் உரையை நீக்கினால் 'அந்தம் ஆதி' தடுமாறும். முடிவும் தொடக்கமும் என்றும் படிக்கலாம், முடிவே தொடக்கம் என்றும் படிக்கலாம். சூத்திரத்தோடு வரும் உரைநடை விளக்கமான வார்த்திகம் 'சங்காரமே முதல்' என்று தெளிவாகச் சொல்வதால்தான் இரண்டாவதை எடுக்கிறோம். ஆகவே உரை இருக்கட்டும், எது எங்கிருந்து வந்தது என்ற அடையாளத்தோடு இருக்கட்டும். அப்படி வந்த பகுதியை 'உரைவரவு' என்போம்.

நான் செய்வது இது. முதலில் உரையைத் திறக்காமல் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதுவேன். வாக்கியம் நிற்க நாமாகச் சேர்க்கும் சொல்லைப் பகர அடைப்பில் இடுவேன். பிறகு உரையைப் பார்த்துத் திருத்தி, உரைவரவைத் தனி வாக்கியமாக்குவேன். இந்தச் சூத்திரத்துக்கு:

மூலப்பொழிப்பு: அவன், அவள், அது எனப்படுபவை மூன்று தொழில் உடைமையால் தோன்றிய பொருள், ஒடுங்கி, மலத்தால் [மீண்டும்] உளதாகும், முடிவே முதல் என்பர் அறிந்தோர்.
உரைவரவு: 'அவை' உலகைக் குறிக்கும், அந்தம் என்பது சங்காரக் கடவுள்.

'என்பர் அறிந்தோர்' என்பதைத்தான் பலர் முதலில் வெட்டுகிறார்கள். அதை வெட்டினால், அறிந்தோர் கூற்றாக மெய்கண்டார் தருவது அவருடைய சொந்த அறிவிப்பாக மாறிவிடும்.

பம்பலப்பிட்டியிலிருந்து:
உயர்தர இந்து நாகரிக மாணவர்களுக்குக் குறிப்பு எழுதுகிறேன். சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய விரிவுரையான மாபாடியத்தை இனிச் சேர்க்கக் கூடாதா?

வெள்ளவத்தையிலிருந்து:
சேர்க்கலாம் அம்மா. 'மெய்கண்டார் கூறுகிறார்' என்று எழுதாமல் 'சிவஞான முனிவர் கொள்கிறார்' என்று எழுதுங்கள். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டு, முனிவர் 18ஆம் நூற்றாண்டு. முனிவர் பிற சமயத்தாரோடு வாதிடும் இடங்கள் சூத்திரத்தின் வேலையல்ல.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
சரி, வார்த்திகம் எந்தப் பக்கம்? அதுவும் மெய்கண்டார் செய்ததென்பது மரபு. அதை உரைவரவு என்றால் ஆசிரியரையே பிறர் ஆக்குகிறோம்.

வெள்ளவத்தையிலிருந்து:
நல்ல தடை. மூலப்பொழிப்பிலும் அதைப் போட முடியாது, சூத்திரத்தில் இல்லாத சொல் வந்துவிடும். 'தன்னுரை' என்று மூன்றாவது அடையாளம் இடலாம் என்று நினைக்கிறேன். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.