இரும்புத் தூள் படத்தில் கோடுகளுக்கு நடுவே வெற்றிடம்: எது சரியான படம்? (அவசரம்)

கடலோரக்கதிர்:
மகளின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சட்டக் காந்தத்தைச் சுற்றி இரும்புத் தூள் தூவிப் படம் எடுத்தோம். கோடுகள் அழகாகத்தான் வந்திருக்கின்றன. ஆனால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே தூளே இல்லாமல் வெள்ளைப் பட்டைகள் தெரிகின்றன. அங்கே காந்தப்புலம் இல்லை என்று பொருளா? இன்னொரு முறை தூவி எடுத்த படத்தில் கோடுகள் இடம் மாறிவிட்டன. முதல் படத்தில் கோடு ஓடிய இடம் இதில் வெறுமையாக இருக்கிறது. இரண்டில் எதை ஒட்டுவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

லேத்துப்பட்டறை:
தூள் எங்கே கிடைத்தது? அரம் தேய்த்த தூளா, லேத்தில் விழுந்த சுருளா? சுருள் என்றால் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அப்படித்தான். மண்ணெண்ணெயில் அலசி நன்றாகக் காயவைத்துவிட்டு மறுபடி தூவுங்கள், பட்டை போய்விடும்.

வைகறை:
காந்தம் தாளுக்கு மேலே இருந்ததா, அடியிலா? தாள் எவ்வளவு தடிமன்? தூவிய பிறகு தட்டினீர்களா? இதையெல்லாம் சொல்லாமல் எது சரி என்று கேட்டால் எப்படி?

திசைமாணிக்கம்:
காந்தத்தின் வட துருவம் எந்தத் திசையைப் பார்த்தது? இரண்டு முறையும் ஒரே திசையா? பூமியின் காந்தப்புலமும் கூடவே சேரும். காந்தத்தை நகர்த்தி வைத்திருந்தால் கோடுகளும் நகரும். எனக்கு இதில் ஐயமே இல்லை.

மூத்த_உறுப்பினர்:
ஆண்டுக்கு நான்கு பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். பழைய இழைகளைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது. கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் புலம் வலிமையாக இருக்கும், விலகிய இடத்தில் குறைவாக இருக்கும். வெள்ளைப் பட்டையில் புலம் குறைவு. பத்தாம் வகுப்பிலேயே படித்திருக்க வேண்டியது.

கடலோரக்கதிர்:
அரத்தூள்தான், பிசுக்கு இல்லை. காந்தம் அட்டைக்கு அடியில். இரண்டு முறையும் காந்தத்தை அசைக்கவே இல்லை. அட்டையை மட்டும் எடுத்துத் தூளைக் கொட்டிவிட்டு, அதே பென்சில் குறியில் திரும்ப வைத்தேன்.

ஆய்வகத்து_அகிலா:
கதிர் ஐயா, காந்தத்தை அசைக்கவில்லை என்ற தகவலிலேயே விடை இருக்கிறது. காந்தம் அதே இடத்தில் இருந்தால் புலமும் அதேதான். கோடுகள் மட்டும் இடம் மாறின என்றால், அவை எங்கே விழுகின்றன என்பதைப் புலம் தீர்மானிக்கவில்லை. வெள்ளைப் பட்டையில் புலம் குறைவு என்றால் இரண்டு படத்திலும் ஒரே இடத்தில்தான் வெள்ளை தெரிந்திருக்க வேண்டும்.

பட்டை உருவாவது இப்படித்தான். புலத்துக்குள் வந்து விழும் ஒவ்வொரு துகளும் தானே ஒரு குட்டிக் காந்தமாகிறது. அட்டையைத் தட்டும்போது துகள் ஒரு கணம் எழும்பி, புலத்தின் திசைக்குத் திரும்பிப் படுக்கிறது. வரிசையில் முன்னும் பின்னும் கிடக்கும் துகள்களுக்கு எதிரெதிர்த் துருவங்கள் பார்த்துக்கொள்வதால் அவை ஒட்டிக்கொண்டு சங்கிலியாகின்றன. பக்கத்தில் இணையாகக் கிடப்பவற்றுக்கு ஒத்த துருவங்கள் அருகருகே அமைவதால் அவை விலகுகின்றன. ஆகவே ஒரு சங்கிலி நீண்டுவிட்டால் அருகில் விழும் துகளைத் தன் முனைக்கு இழுக்கும், பக்கவாட்டில் ஒதுக்கும். முதல் துகள் தற்செயலாக எங்கே விழுந்ததோ, அங்கிருந்து சங்கிலி தொடங்கும்.

நீங்களே பார்க்கலாம். மிகக் கொஞ்சமாக, துகள்கள் ஒன்றையொன்று தொடாதபடி தூவி மெல்லத் தட்டுங்கள். கோடே வராது. தனித்தனித் துகள்கள் அந்தந்த இடத்தின் திசையில் சாய்ந்து கிடக்கும், முன்பு வெள்ளையாக இருந்த இடத்திலும்கூட. பிறகு சிறிய காந்த ஊசியை அட்டையின் மேல் கோடுகளுக்குக் குறுக்காக மெதுவாக நகர்த்துங்கள். பட்டையைக் கடக்கும்போது ஊசி தடுமாறாது, சீராகத் திரும்பிக்கொண்டே போகும்.

திசைமாணிக்கம்:
அப்படியானால் பூமியின் புலம்?

ஆய்வகத்து_அகிலா:
இருக்கிறது. நம் பக்கத்தில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. காந்தத்தின் முனையருகே புலம் அதைவிடப் பல நூறு மடங்கு. விலகிப்போகப் போக இரண்டும் சமமாகி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடமும் வரும். ஆனால் அவ்வளவு மெலிந்த புலத்தால் அட்டையில் உராய்ந்து கிடக்கும் துகளைத் திருப்ப முடியாது. அந்த இடத்தைக் காந்த ஊசிதான் காட்டும், தூள் காட்டாது. படத்தின் ஓரத்தில் கோடு 'முடிந்து' போவதும் உராய்வினால்தான். புலம் அங்கே முடிவதில்லை.

வைகறை:
முனைகளில் தூள் அடர்ந்திருக்கிறதே, அதை வைத்துப் புலம் அங்கே வலிமை என்று எழுதலாமா?

ஆய்வகத்து_அகிலா:
வலிமை என்பது உண்மைதான், ஆனால் தூளின் அடர்த்தியை அதற்கு அளவாகக் கொள்ளக் கூடாது. புலம் வேகமாகக் கூடிக்கொண்டே போகும் பக்கத்துக்குத் துகள் இழுக்கப்படும். தட்டத் தட்ட அது முனையை நோக்கி ஊர்ந்துபோய்க் குவிகிறது. அதிகம் தட்டினால் குவியல் பெரிதாகும், காந்தம் பெரிதாகாது. துருவத்துக்கு நேர் மேலே துகள்கள் முள்ளாக எழுந்து நிற்பதையும் கவனியுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் அவை வெறும் புள்ளியாகத் தெரியும்.

மூத்த_உறுப்பினர்:
அப்படியானால் கோடுகளே பொய் என்கிறீர்களா? மைக்கேல் ஃபாரடே தூள் படங்களைப் பசைத் தாளில் பதித்துப் பாதுகாத்தவர். விசைக் கோடுகளுக்கு மெய்யான இருப்பு உண்டு என்று 1852-இல் வாதிட்டவர். அவரைவிட நமக்குத் தெரியுமா?

ஆய்வகத்து_அகிலா:
ஃபாரடே கண்டது பொய்யாகவில்லை. வெளி முழுவதும் காந்தத்தின் தாக்கம் பரவியிருக்கிறது என்று அந்தப் படங்களிலிருந்து அவர் கொண்ட கருத்து நிலைத்துவிட்டது. ஆனால் இத்தனை கோடுகள், இன்ன இடத்தில் என்று எண்ணிக் காட்ட முடியாது. நில வரைபடத்தில் சம உயரக் கோடுகளுக்கு நடுவே மலை இல்லாமல் போய்விடுமா? 'நெருக்கம் என்றால் வலிமை' என்பது நாம் கோடு வரையும்போது கைக்கொள்ளும் விதி. தூள் அந்த விதியைப் படித்துவிட்டு விழுவதில்லை.

மூத்த_உறுப்பினர்:
பாடநூல் அப்படிச் சொல்லவில்லை.

லேத்துப்பட்டறை:
பாடநூல் கிடக்கட்டும், மண்ணெண்ணெயில் அலசினாரா?

சும்மா_ஒருவன்:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பழைய ஒலிபெருக்கிக் காந்தம் முழுக்க இரும்புத் தூள் அப்பிக்கொண்டுவிட்டது. துடைத்தால் சுற்றிச் சுற்றி அங்கேயே போய் ஒட்டுகிறது. என்ன செய்வது?

வைகறை:
அகலமான ஒட்டு நாடாவை அழுத்தி உரியுங்கள். அடுத்த முறை காந்தத்தைப் பாலித்தீன் உறையில் போட்டுவிட்டுத் தூளைத் தொடுங்கள். உறையை உருவினால் தூளும் உதிர்ந்துவிடும்.

கடலோரக்கதிர்:
குறைவாகத் தூவிப் பார்த்தோம், வெள்ளை இருந்த இடத்திலும் துகள்கள் சாய்ந்துதான் கிடக்கின்றன. காந்த ஊசியும் சீராகவே திரும்பியது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிறோம். நன்றி. அம்புக்குறி எந்தப் பக்கம் போடுவது?

ஆய்வகத்து_அகிலா:
தூளுக்கு அது தெரியாது, வடக்கையும் தெற்கையும் மாற்றி வைத்தாலும் இதே கோலம்தான் வரும். ஊசியின் வட முனை காட்டும் பக்கம் போடுங்கள். காந்தத்துக்கு வெளியே அது வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்குப் போகும்.

ஒரு கேள்வி. உங்கள் முதல் படத்தில் இடப் பக்கக் குவியல் காந்தத்தின் முனையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. துருவம் முனையிலிருந்து சற்று உள்ளே அமைவது வழக்கம்தான், ஆனால் இவ்வளவு தூரம் தள்ளியிருப்பது வழக்கமில்லை. காந்தம் எப்போதாவது கீழே விழுந்து விரிசல் விட்டதா? வண்ணப்பூச்சுக்கு அடியில் பாருங்கள்.

திசைமாணிக்கம்:
அது பூமியின் புலமாக இருக்கலாம்.

சும்மா_ஒருவன்:
ஒட்டு நாடா வேலை செய்கிறது. ஆனால் நடுவில் உள்ள வளைய இடுக்குக்குள் போனதை எப்படி எடுப்பது?