புதுப்பிப்பு: கிரைண்டர் வீடியோவுக்கு ஒரு நிமிட ஸ்கிரிப்ட்

"சாய்க்கும் கிரைண்டருக்கு ஒரு நிமிட வீடியோ. எழுதியதைப் படித்தால் ஒன்றரை நிமிடம் ஓடுகிறது, பார்ப்பவர்களும் பாதியில் போய்விடுகிறார்கள். எதை வெட்டுவதுங்க?"

உதவிய எல்லோருக்கும் நன்றிங்க. வேலை செய்தது பீளமேட்டு அண்ணன் சொன்ன இரண்டு பத்தி முறை. தாளின் இடப்பக்கம் திரையில் தெரிவது, வலப்பக்கம் குரல். கண்ணுக்குத் தெரிவதை வாய் சொல்லக் கூடாது என்றார். "கைப்பிடியை இழுத்தால் பாத்திரம் சாய்ந்து மாவு வழியும்" என்ற வரியை அடித்துவிட்டேன், அதைப் படமே காட்டிவிடுகிறது. மோட்டார் வாட், கடை வரலாறு எல்லாம் வீடியோவுக்குக் கீழே உள்ள குறிப்புக்குப் போயின. மிஞ்சியது சுமார் 90 சொல். நிதானமாகப் படித்தால் 50 வினாடி, மீதி மாவு வழியும் சத்தத்துக்கு.

முதல் வரி "வணக்கம், கோவையில் எங்கள் நிறுவனம்..." என்று இருந்தது. இப்போது "கல்லைத் தூக்காமல் மாவு எடுக்கலாமா?" அப்போதே திரையில் ஒரு அம்மா ஒற்றைக் கையால் சாய்க்கிறார்.

ஈரோட்டு அக்கா, கிரைண்டர் பெயரை முதலிலேயே சொல்லச் சொன்னார். பாதி சரி: முதல் காட்சியில் கிரைண்டர் மேலேயே பெயர் தெரிகிறது, குரலில் கடைசியில்தான் வருகிறது. சென்னிமலைத் தம்பி எந்த கேமரா என்றே கேட்டுக்கொண்டிருந்தார். போனில்தான் எடுத்தோம் தம்பி.

எதிர்பாராதது ஒன்று. எத்தனை பேர் எதுவரை பார்த்தார்கள் என்று காட்டும் யூடியூப் வரைபடத்தில் தொடக்கச் சரிவு குறைந்தது, ஆனால் விலை சொல்லும் 40ஆவது வினாடியில் புதிதாக ஒரு சரிவு. விலை பிடிக்காமல் போனார்களா, கடைக்கு போன் போடப் போனார்களா, தெரியவில்லை. விலை தெரிந்தே கூப்பிடுகிறார்கள் என்கிறார் கடைக்காரர். விலையைக் கடைசிக்குத் தள்ளி இன்னொன்று வெட்டிக்கொண்டிருக்கிறோம்.