கலைச்சொல்: மணிக்கு 1 மில்லிலிட்டர் ஓடினால் கிடைக்கும் மருந்தை எப்படி அழைப்பது?

செல்வி:
வணக்கம். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களுக்கான தமிழ்க் கையேட்டில் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறேன். டாக்டர் அட்ரினலினைக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்று எழுதுகிறார்; அதை ‘மருந்து வீதம்’ என்கிறேன். சிரிஞ்சு பம்பில் அழுத்துவது மணிக்கு இத்தனை மில்லிலிட்டர். அது ‘பம்ப் வீதம்’. பம்ப் மணிக்கு 1 மில்லிலிட்டர் ஓடினால் அந்தக் குழந்தைக்கு எவ்வளவு மருந்து வீதம் கிடைக்கும் என்ற எண்ணை லேபிளில் எழுதுகிறோமே, அதற்குப் பெயர் வேண்டும். ‘மில்லி மதிப்பு’ சரிவருமா?

இக்பால்:
‘சொட்டு வேகம்’ என்று ஏற்கெனவே புழங்குகிறதே. எங்கள் வார்டில் பம்ப் கிடையாது, மைக்ரோ டிரிப் செட்தான். 60 சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்பதால் மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

நிர்மலா:
இக்பால் ஐயா, உங்கள் கணக்கு சரி. ஆனால் சொட்டும் பம்ப் வீதமும் இரண்டுமே நீரின் அளவுதான். செல்வி கேட்பது நீரையும் மருந்தையும் இணைக்கிற எண். தவிர, கீழே வருகிற 1.8 சொட்டை யாராலும் எண்ணிவிட முடியாது.

12 கிலோ குழந்தை என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலின் ஆம்பியூல் இரண்டு, அதனுடன் 48 மில்லிலிட்டர் 5% டெக்ஸ்ட்ரோஸ். மொத்தம் 50 மில்லிலிட்டரில் 2000 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40. குழந்தைக்கு நிமிடத்துக்கு 0.1 × 12 = 1.2 மைக்ரோகிராம். 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 72. அதை 40-ஆல் வகுத்தால் பம்ப் வீதம் 1.8.

செல்வி கேட்கிற எண் 40 ÷ (12 × 60), அதாவது ஏறத்தாழ 0.056. பம்பில் தெரிகிற 1.8-ஐ இதனால் பெருக்கினால் 0.1 திரும்ப வர வேண்டும். இரண்டாவது செவிலியர் சரிபார்க்கும்போது முதல் கணக்கைப் பார்க்காமல் இந்தத் திசையில்தான் வர வேண்டும். 60-ஐ மறந்தால் பம்ப் வீதம் 0.03 என்று வரும், எடையை மறந்தால் 0.15. இரண்டும் பார்த்ததுமே உறுத்தும். 12 கிலோவை 21 என்று எழுதிவிட்டால் வருகிற 3.15 யாரையும் உறுத்தாது. திருப்பிப் போட்டாலும் அதே தவறான எடையில் கணக்கு ஒத்துப்போகும். ஆகவே எடையைக் கேஸ் ஷீட்டிலிருந்து தனியாகப் பார்த்தாக வேண்டும்.

முருகேசன்:
இந்த எண்ணே தேவையில்லை. எடையை 0.6-ஆல் பெருக்கி அத்தனை மில்லிகிராமை சிரிஞ்சில் போட்டால் மணிக்கு 1 மில்லிலிட்டர் எப்போதும் 0.1 தான். ‘ஆறு விதி’ என்ற பெயரே போதும்.

நிர்மலா:
அந்த விதி 100 மில்லிலிட்டருக்கானது. நம் சிரிஞ்சு 50. அதில் 0.6 போட்டால் மருந்து இரட்டிப்பாகும், 50-க்கு 0.3 தான், 12 கிலோவுக்கு 3.6 மில்லிகிராம். அப்படியே செய்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் வேறு வேறு செறிவு, இரவில் அவசரமாக மூன்றரை ஆம்பியூலுக்குச் சற்று மேலே உறிஞ்ச வேண்டியிருக்கும். அமெரிக்காவில் ஜாயின்ட் கமிஷன் 2004 வாக்கிலேயே மருந்துச் செறிவுகளை வரையறுத்துக் குறைக்கும்படி சொன்னது இதனால்தான். செறிவை மாற்றாமல் வைத்தால் குழந்தைக்குக் குழந்தை மாறுவது செல்வியின் எண்தான். ஆகவே பெயர் அவசியம்.

தேவி (மருந்தகம்):
பெயரில் ‘மில்லி’ வேண்டவே வேண்டாம். வார்டில் மில்லிகிராமையும் ‘மில்லி’ என்கிறோம், மில்லிலிட்டரையும் ‘மில்லி’ என்கிறோம். அட்ரினலினில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் குழப்பம் வெளியே தெரியாது. டோபமின் ஆம்பியூலில் 5 மில்லிலிட்டருக்கு 200 மில்லிகிராம். அங்கே ஒன்றை மற்றொன்றாக எடுத்தால் 40 மடங்கு போய்விடும். ‘பம்ப் எண்’ எனலாமே?

நிர்மலா:
‘பம்ப் எண்’ என்றால் திரையில் தெரிகிற 1.8 என்றுதான் படிப்பார்கள். ‘ஓரலகு மருந்து’ எனக்குப் பிடிக்கிறது.

முருகேசன்:
50-க்கு 0.3, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘ஓரலகு’ என்றால் இன்சுலின் யூனிட்தான் நினைவுக்கு வரும்.

செல்வி:
‘மில்லி’யை எடுத்துவிடுகிறேன். வேறு சொல் அமையும்வரை பெயரில்லாமல் முழு வாக்கியமாகவே லேபிளில் போகட்டும்: “எடை 12 கிலோ. மணிக்கு 1 மில்லிலிட்டர் = கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.056 மைக்ரோகிராம்.” இடம் போதாதென்று அச்சகத்தார் ‘மை.கி.’ என்று சுருக்கக் கேட்கிறார்கள்.

தேவி:
சுருக்காதீர்கள். கையெழுத்தில் ‘மை.கி.’யும் ‘மி.கி.’யும் பிரித்தறிய முடியாது, வித்தியாசம் ஆயிரம் மடங்கு. லேபிளைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.