ஜாக் ஒன்றுதான், உள்ளே இருக்கும் வயர் வேறு: உங்கள் அனுபவம் என்ன?

உப்புவெளி: அண்மையில் இங்கே ஒரு கலியாண வீட்டில் பார்த்தது. 100 வாட் வால்வ் அம்ப், ஸ்பீக்கர் பெட்டி தனியாக. இரண்டையும் கிற்றார் வயரால் இணைத்திருந்தார்கள். அதே கால் அங்குல ஜாக் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கரகரத்தது, விட்டு விட்டு வந்தது, அப்புறம் ஒரேயடியாக நின்றுவிட்டது. ஜாக்கைத் தொட்டால் சூடு. வேறு வயர் போட்டும் சத்தம் வரவில்லை. வேறு யாரும் இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

மூதூர் பேஸ்: கிற்றார் வயர் மெல்லியது, சத்தம் குறையும், அவ்வளவுதான். நாங்கள் தடித்த ஸ்பீக்கர் வயரையே எல்லாவற்றுக்கும் போடுகிறோம். கொஞ்சம் உறுமும், அது கரண்டில் உள்ள பிழை.

அம்ப் திருத்துபவன்: கரண்டில் பிழையில்லை தம்பி. கிற்றாரிலிருந்து வருவது மிகச் சிறிய சிக்னல். அதற்கு மெல்லிய நடுக்கம்பி போதும், ஆனால் சுற்றிவர செப்பு வலை வேண்டும். ஸ்பீக்கர் வயரில் வலை இல்லாததால் வெளி இரைச்சல் உள்ளே வருகிறது. எதுவும் எரியாது, உறுமல் மட்டும்தான்.

மற்றப் பக்கம்தான் ஆபத்து, அதாவது அம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே கிற்றார் வயர் போடுவது. 8 ஓம் பெட்டிக்கு 100 வாட் என்றால் ஏறக்குறைய 28 வோல்ட், 3.5 அம்பியர். வயரில் அரை ஓம் தடை இருந்தாலே 6 வாட் அங்கே சூடாகிறது. அந்தச் சத்தக் குறைவு காதுக்கு எட்டாது. சுருட்டி வைத்த வயரும் ஜாக்கில் சரியாகப் பிடிக்காத ஈயமும்தான் முதலில் போகும். வால்வ் அம்ப் ஓடும்போது பெட்டி அறுந்தால் அவுட்புட் டிரான்ஸ்போமரில் வோல்ட் எகிறி உள்ளே பொறி பாயலாம். டிரான்சிஸ்டர் அம்ப் என்றால் பெட்டி அறுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். நடுக்கம்பி வலையில் முட்டி ஷோர்ட் ஆனால்தான் அதற்குக் கேடு.

நிலாவெளி அக்கா: எங்கள் சபையில் மிக்ஸரிலிருந்து ஸ்பீக்கருக்கு வலை உள்ள வயர்தான் போகிறது. அதையும் மாற்ற வேண்டுமா? ஸ்பீக்கருக்குத் தனியாக மெயின் கரண்ட் வயரும் இருக்கிறது.

அம்ப் திருத்துபவன்: மாற்ற வேண்டாம் அக்கா. அந்தப் பெட்டிக்குள்ளேயே அம்ப் இருக்கிறது. மிக்ஸரிலிருந்து வருவது சிக்னல் மட்டுமே, அதற்கு வலை உள்ள வயர்தான் சரி.

மூதூர் பேஸ்: அப்படியென்றால் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? வெளியே பார்த்தால் ஒரே கறுப்பு வயர்.

அம்ப் திருத்துபவன்: ஜாக்கின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒரே தடிப்பில் இரண்டு கம்பி என்றால் ஸ்பீக்கர் வயர். நடுவில் ஒரு மெல்லிய கம்பியும் முறுக்கிய வலையும் என்றால் கிற்றார் வயர். வார்த்து ஒட்டிய ஜாக் கழறாது. அப்போது வயரின் உறையில் அச்சடித்திருப்பதைத்தான் வாசிக்க வேண்டும். மீற்றரில் இரண்டுமே நன்றாக இருப்பதுபோலத்தான் காட்டும்.

உப்புவெளி: கழற்றினோம், ஒரு மெல்லிய கம்பியும் வலையும்தான். ஈயம் விட்டிருந்தது. ஆனால் வால்வ்கள் பழசு, அதனால்தான் போனது என்று சொந்தக்காரர் நிற்கிறார்.

அம்ப் திருத்துபவன்: அதுவும் நடக்கக்கூடியதே. வால்வ்களை மாற்றிப் போடுவதற்கு முன் டிரான்ஸ்போமர் சுற்றுகளை அளக்கச் சொல்லுங்கள். சுற்று அறுந்திருந்தால் புது வால்வும் வீணாகிவிடும்.