‘இன்றியமையாமை’ பொருந்துமா? கருத்துரிமைக் கட்டுப்பாட்டுச் சோதனைக்கான மூன்று கலைச்சொற்கள்

வானதி:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். மனித உரிமை உடன்படிக்கைகள் பற்றிய கையேடு ஒன்றில் கருத்துரிமை இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓர் அரசு ஒருவரின் பேச்சையோ எழுத்தையோ கட்டுப்படுத்தினால், அந்தக் கட்டுப்பாடு மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா, உடன்படிக்கை ஏற்கும் நோக்கம் ஒன்றுக்காகத்தான் அது விதிக்கப்பட்டதா, அந்த நோக்கத்துக்கு அது தேவைதானா என்பவை அவை. ஆங்கிலத்தில் லீகாலிட்டி, லெஜிட்டிமேட் எய்ம், நெசசிட்டி என்பார்கள்.

எனக்கு முன்பு இந்த இயலைத் தொட்டவர் இவற்றை முறையே ‘சட்டப்பூர்வத்தன்மை’, ‘சட்டப்பூர்வ நோக்கம்’, ‘இன்றியமையாமை’ என்று வைத்திருக்கிறார். அச்சுப்படியில் ஒரு வரி இப்படி வருகிறது: “கட்டுப்பாடு சட்டப்பூர்வமாகவும் சட்டப்பூர்வமான நோக்கத்துக்காகவும் இருத்தல் வேண்டும்.” இதைப் படிப்பவர் ஒரே நிபந்தனை இருமுறை சொல்லப்பட்டிருப்பதாகத்தான் எடுத்துக்கொள்வார். முதல் இரண்டையும் பிரித்துக் காட்டும் சொற்களைத் தேடுகிறேன். மூன்றாவது சொல்லில் எனக்குக் குறை தெரியவில்லை.

கதிரேசன்:

அம்மா, வணக்கம். முப்பது ஆண்டுகள் வழக்குரைஞராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் அரசமைப்பின் 19(2)ஆம் உறுப்பில் ‘நியாயமான கட்டுப்பாடுகள்’ என்ற தொடர் ஏற்கெனவே இருக்கிறது. நீதிமன்றத்திலும் செய்தித்தாளிலும் எல்லோருக்கும் பழகிய சொல். உடன்படிக்கை கேட்பதும் இதையேதான். ஆகவே மூன்றாவதை ‘நியாயத்தன்மை’ என்று வைத்துவிட்டால் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘லெஜிட்டிமேட்’ என்பதற்கு ‘முறையான’ என்பது போதும் என்று நினைக்கிறேன்.

சிவகாமி:

வணக்கம். வானதி குறையில்லை என்று விட்டுவிட்ட மூன்றாவது சொல்லில்தான் பெரிய சிக்கல் இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

பள்ளி மாணவர்களுக்கான ஒரு சிறு நூல் ஆபாசச் சட்டத்தின் கீழ்ப் பறிமுதல் செய்யப்பட்டதை எதிர்த்து அதன் ஆங்கிலப் பதிப்பாளர் ஹேண்டிசைட் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1976 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய உடன்படிக்கையின் 10ஆம் உறுப்பிலுள்ள ‘நெசசரி’ என்ற சொல்லுக்கு எது பொருள், எது பொருளன்று என்று அத்தீர்ப்பின் 48ஆம் பத்தி அகராதி போல விளக்குகிறது. அச்சொல் ‘இன்டிஸ்பென்சபிள்’ என்பதற்கு நிகரானதன்று என்கிறது நீதிமன்றம். தமிழில் ‘இன்றி அமையாதது’ என்றால் நேராக அதுதான். அது இல்லாமல் முடியவே முடியாது என்ற அளவுக்குப் பொருள் வேண்டும்போது அதே உடன்படிக்கை வேறு சொற்களைப் பயன்படுத்துகிறது. உயிரைப் பறிக்கும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்துவது பற்றிய 2ஆம் உறுப்பில் ‘முற்றிலும் தேவையான’ என்ற கருத்துள்ள தொடர் வருகிறது. நாம் 10ஆம் உறுப்பிலேயே ‘இன்றியமையாத’ என்று எழுதிவிட்டால் 2ஆம் உறுப்புக்கு வைக்கச் சொல் இராது.

கதிரேசன் ஐயா சொன்ன ‘நியாயமான’ என்பதையும் அதே பத்தி பெயர் சொல்லியே விலக்குகிறது. பயனுள்ளது, விரும்பத்தக்கது, நியாயமானது என்பவற்றின் நெகிழ்ச்சி ‘நெசசரி’க்குக் கிடையாது, அழுத்தமான ஒரு சமூகத் தேவை இருந்தாக வேண்டும் என்பது அதன் விளக்கம். எனவே நமக்கு வேண்டிய தமிழ்ச்சொல் ‘இன்றியமையாத’ என்பதற்குக் கீழேயும் ‘நியாயமான’ என்பதற்கு மேலேயும் நிற்க வேண்டும். ஐயா கூறியது முழுவதும் தவறென்று சொல்ல மாட்டேன். 2017இல் தனியுரிமை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதே மூன்று கேள்விகளுக்கு நெருக்கமான ஒரு சோதனையைக் கையாண்டது. ஆயினும் 19(2)இன் வாசகம் வேறு, உடன்படிக்கையின் வாசகம் வேறு. மொழிபெயர்ப்பில் அந்த இரண்டும் ஒன்றாகத் தெரியக் கூடாது.

முத்தையா:

குழுவினருக்கு வணக்கம். நான் ஒரு சிறுபத்திரிகை நடத்துகிறேன். சென்ற ஆண்டு எங்கள் ஊரில் நூல் விமர்சனக் கூட்டம் ஒன்றுக்கு மண்டபம் பதிவு செய்து, அழைப்பிதழும் அச்சிட்டுவிட்டோம். கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை, “கூட்டம் நடத்த வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்கிறார்கள்” என்று மண்டபக்காரருக்குத் தொலைபேசி வந்தது. யார் சொன்னார்கள், எந்தச் சட்டப் பிரிவு என்று கேட்டும் பதில் இல்லை. எழுத்தில் ஒரு வரிகூடத் தரவில்லை. மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்தச் சோதனையை வைத்து நான் எங்கே முறையிடலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சிவகாமி:

முத்தையா ஐயா, முறையீட்டுக்கு உங்கள் ஊர் வழக்குரைஞர் ஒருவரைப் பார்ப்பதே நல்லது. இங்கே நாங்கள் சொல்லுக்குத்தான் வழி தேடுகிறோம். ஆனாலும் உங்களுக்கு நேர்ந்தது முதற்கேள்வியின் உள்ளடக்கத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. எந்தப் பிரிவு என்று கேட்டு விடை கிடைக்காத இடத்தில் நோக்கத்தையும் தேவையையும் பற்றிப் பேச வேண்டிய கட்டமே வருவதில்லை. கட்டுப்பாடு முதற்படியிலேயே விழுந்துவிடுகிறது.

இந்த முதற்படியை மிகத் தெளிவாக விளக்கியது 1979 ஏப்ரல் 26 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தந்த சண்டே டைம்ஸ் தீர்ப்பு. பின்னணியைச் சொன்னால்தான் சொற்கள் பிடிபடும். தாலிடமைடு மருந்தைக் கருவுற்றிருந்தபோது உட்கொண்ட தாய்மாருக்குப் பிரிட்டனில் ஏறத்தாழ 450 குழந்தைகள் உறுப்புக் குறைகளோடு பிறந்தனர். அங்கே அம்மருந்தை விற்ற டிஸ்டில்லர்ஸ் நிறுவனத்துக்கும் பெற்றோருக்கும் இழப்பீட்டுப் பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. 1972 செப்டம்பரில் சண்டே டைம்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டு, அந்த அவலம் எப்படி நேர்ந்தது என்பதைப் பின்னொரு கட்டுரையில் எழுதப்போவதாக அறிவித்தது. வழக்குகள் நிலுவையில் இருக்கும்போது அதை வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பாகும் என்று தடையாணை பெறப்பட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 1973இல் அதை மீண்டும் விதித்தது.

அன்று பிரிட்டனில் நீதிமன்ற அவமதிப்பு என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டமாக இருக்கவில்லை. நீதிபதிகளின் தீர்ப்புகள் வழியே வளர்ந்த பொதுச் சட்டமாக இருந்தது. அது ‘சட்டம்’ ஆகுமா என்பது முதற்கேள்வி. ஆகும் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். ஆனால் இரண்டு நிபந்தனைகள் வைத்தது. அந்தச் சட்டம் குடிமகன் கண்டறியக்கூடியதாக இருக்க வேண்டும். தன் செயலுக்கு என்ன விளைவு வரும் என்பதை, வேண்டுமானால் தகுந்த ஆலோசனையோடு, சூழலுக்கு ஏற்ற அளவுக்கு அவர் முன்னறியும்படி துல்லியமாகவும் இருக்க வேண்டும். இவற்றில் அந்தத் தடை தேறியது. நீதித்துறையின் அதிகாரத்தைக் காத்தல் என்ற நோக்கம் 10ஆம் உறுப்பின் பட்டியலிலேயே இருந்ததால் இரண்டாம் படியிலும் தேறியது. மூன்றாம் படியில்தான் விழுந்தது. அந்த அவலத்தின் பின்னணியை அறியும் உரிமை குடும்பங்களுக்கும் பொதுமக்களுக்கும் இருக்கும்போது, அதை மிஞ்சும் அளவுக்கு அழுத்தமான சமூகத் தேவை எதுவும் தடைக்குப் பின்னால் இல்லை என்று 11 நீதிபதிகள் கருதினார்கள். 9 பேர் மாறுபட்டார்கள். அவ்வளவு நெருக்கமாகப் பிரிந்த அவையில் முழு விவாதமும் ‘நெசசரி’ என்ற ஒரு சொல்லின் கனத்தைப் பற்றியது. அதனால்தான் அந்தச் சொல்லை அவசரமாக வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

மொழிபெயர்ப்பவர்களுக்கு அத்தீர்ப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. உடன்படிக்கையின் பிரெஞ்சு வாசகத்தில் ஒரே தொடராக இருப்பது, ஆங்கில வாசகத்தில் உறுப்புக்கு உறுப்பு வேறு வேறு தொடராக வருகிறது. இரண்டும் சம மதிப்புள்ள மூலங்கள் என்பதால் முடிந்தவரை இணக்கமான பொருளே கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். ஆங்கிலம் மாறுகிறதே என்பதற்காகத் தமிழிலும் மூன்று தொடர் செய்ய வேண்டாம். ‘சட்டத்தில் வகுக்கப்பட்ட’ என்ற ஒன்றே எல்லா இடத்துக்கும் போதும். சோதனையின் பெயராக ‘சட்டவழிமை’ என்பதை முன்மொழிகிறேன். ‘இயற்றப்பட்ட’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தீர்ப்புவழிச் சட்டம் வெளியே போய்விடும்.

யோகநாதன்:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ‘சட்டவழிமை’ காதுக்குப் புதிதென்றாலும் பொருள் விளங்குகிறது. ‘முறையான நோக்கம்’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ‘முறையான’ என்றால் நடைமுறை ஒழுங்கு என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது. நான் ‘ஏற்புடைய நோக்கம்’ என்பேன்.

மூன்றாவதுக்கு ‘நெருக்கும் தேவை’ என்று ஒரு நண்பர் சொன்னார். எங்களுக்கு அது சரிவராது. நெருக்கடிநிலை என்ற சொல்லோடு வாழ்ந்தவர்கள் நாங்கள். ‘நெருக்கும்’ என்றதும் அவசரகாலச் சட்டம்தான் நினைவில் எழும். உடன்படிக்கைகளில் அவசரகாலத்துக்கெனத் தனி உறுப்பே இருக்கிறது. அதையும் இதையும் கலக்கக் கூடாது. இலங்கை அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரையில் பேச்சுச் சுதந்திரத்தை மட்டுப்படுத்தும் பகுதி, சட்டத்தினால் விதிக்கப்படும் மட்டுப்பாடுகள் என்று சொல்கிறதே தவிர, அவை தேவையானவையாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே எங்கள் வாசகருக்கு இந்த மூன்றாவது சொல்தான் புதிய செய்தி. அது மங்கலாக இருக்கக் கூடாது.

சிவகாமி:

யோகநாதன் ஐயாவின் ‘நெருக்கடி’ மறுப்பை ஏற்கிறேன். ‘ஏற்புடைய’ என்பதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். ஏற்புடையதா என்பதை அந்தந்த நீதிபதி முடிவு செய்யலாம் என்ற தோற்றம் அதில் வந்துவிடுகிறது. ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 19(3) தரும் பட்டியல் மூடிய பட்டியல். பிறர் உரிமையும் நற்பெயரும், தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், பொது ஒழுக்கம் ஆகியவற்றோடு அது முடிகிறது. ஆட்சியின் மானத்தைக் காப்பது எவ்வளவு ஏற்புடையதாக ஒருவருக்குத் தோன்றினாலும் அதற்கு அங்கே இடமில்லை. ‘ஏற்கப்பட்ட நோக்கம்’ என்றால், உடன்படிக்கை ஏற்கெனவே ஏற்றுவிட்டது, இனி யாரும் சேர்க்க முடியாது என்ற பொருள் கிடைக்கிறது.

மூன்றாவதுக்கு ‘தேவை’ என்ற எளிய சொல்லை வைத்து, தீர்ப்பின் விளக்கத்தை ‘அழுத்தமான சமூகத் தேவை’ என்று தனியே தரலாம். ஐ.நா. மனித உரிமைக் குழு 2011இல் வெளியிட்ட 34ஆம் பொதுக் கருத்துரை, அச்சுறுத்தல் இன்னதென்றும், அந்தப் பேச்சுக்கும் அதற்கும் நேரடியான, உடனடியான தொடர்பு உண்டென்றும் அரசே காட்ட வேண்டும் என்கிறது. எனவே சொல்லின் கனம் அடைமொழியால் வருவதன்று. மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதால் வருவது.

கதிரேசன்:

‘நியாயத்தன்மை’யை விலக்கிக்கொள்கிறேன், அந்த 48ஆம் பத்தி எனக்குப் புதிய செய்தி. ஆனால் வெறும் ‘தேவை’ என்பது போதாது. “பந்தலுக்கு நாற்காலி தேவை” என்று எழுதும் அதே சொல் ஒரு தடையாணையை எடைபோடுமா? ‘தேவைப்பாடு’ என்றாவது வையுங்கள்.

வானதி:

எல்லோருக்கும் நன்றி. ‘சட்டவழிமை’, ‘ஏற்கப்பட்ட நோக்கம்’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ‘இன்றியமையாத’ என்பதை 2ஆம் உறுப்புக்கு ஒதுக்கிவிட்டேன். அச்சுப்படியின் அந்த வரி இப்போது இப்படி நிற்கிறது: “கட்டுப்பாடு சட்டத்தில் வகுக்கப்பட்டதாகவும், உடன்படிக்கை ஏற்ற நோக்கம் ஒன்றுக்காகவும், அந்த நோக்கத்துக்குத் தேவை என்று அரசு மெய்ப்பித்ததாகவும் இருத்தல் வேண்டும்.” வினையாக எழுதும்போது ‘தேவை’ தாங்குகிறது. இயலின் தலைப்பில் பெயராகத் தனியே நிற்கும்போது கதிரேசன் ஐயா சொன்ன குறை எனக்கும் தெரிகிறது. ‘தேவைப்பாடு’ என்பதோ வெறுமனே விகுதி ஒட்டியது போல இருக்கிறது. தலைப்பை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.