சிஸ்டருக்கு நாலு வரி: அன்பளிப்போடு வைக்க என்ன எழுதினீர்கள்?

இளைய மகள்:

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்துபோனது. பேச்சும் போய்விட்டது. 24 நாள் வார்டில் இருந்தார். கடைசியில் நுரையீரலில் தொற்று ஏற்பட்டு இறந்துபோனார். ஆறு வாரம் ஆகிறது.

அந்த நாட்களில் பாதிக்கு மேற்பட்ட இரவுகள் ஒரே சிஸ்டர்தான் டியூட்டியில் இருந்தார். அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுகிறார்கள், அந்தக் கைகள் எப்படி வறண்டுபோகின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால் கைக்குத் தடவும் க்ரீம் ஒன்று வாங்கினேன், வாசனை இல்லாதது. கூட வைக்கக் குறிப்பு எழுதலாம் என்று உட்கார்ந்தால் இதுதான் வந்தது:

"அன்புள்ள சிஸ்டர், எங்கள் தந்தைக்கு நீங்கள் ஆற்றிய தன்னலமற்ற சேவைக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. நீங்கள் தெய்வத்துக்குச் சமம். எங்கள் சிறு அன்பளிப்பை ஏற்றுக்கொள்ளவும்."

இதை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். இதில் அப்பாவும் இல்லை, அந்த சிஸ்டரும் இல்லை. இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.

மூத்த மருமகன்:

நாங்களும் மாமியாருக்கு வீட்டில் நர்ஸ் வைத்திருக்கிறோம். சம்பளத்துக்கு மேல் கொடுத்தால் அதுவே பழக்கமாகிவிடும் என்று ஏஜென்சியில் சொன்னார்கள். வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகக் கொடுப்பதுதான் சரி.

இளைய மகள்:

அண்ணா, இது ஆஸ்பத்திரி சிஸ்டர். சம்பள விஷயம் இல்லை. என்ன எழுதுவது என்றுதான் கேட்கிறேன்.

இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தவன்:

குறிப்பெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்? ஒரு கவரில் பணம் வைத்து, தனியாக இருக்கும்போது கையில் கொடுங்கள். என் அம்மா படுத்திருந்தபோது அப்படித்தான் செய்தேன். அவரும் நன்றாகவே பார்த்துக்கொண்டார். அம்மாவுக்கு முதுகில் சிவந்தபோது தினமும் பவுடர் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டோம், சரியாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன், சின்னதாக எழுதுங்கள். நீளமாக எழுதினால் அவர்களுக்குப் படிக்க நேரம் இருக்காது.

ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர்:

சின்னதாக எழுதச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. பணக் கவர் வேண்டாம். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் நோயாளி வீட்டாரிடம் பணம் வாங்கினால் வேலைக்கே ஆபத்து. அதுவும் சிகிச்சை நடக்கும்போது தனியாகக் கையில் திணித்தால், நன்றாகப் பார்த்துக்கொள்வதற்குக் கொடுத்த பணமாகவே அது தெரியும். அப்புறம் சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. உள்ளே ஏற்கெனவே நசுங்கிப்போன சதை அது, தேய்த்தால் இன்னும் கெடும். உங்கள் அம்மாவுக்குச் சரியானது தேய்த்ததால் இல்லை. யாரோ அவரை அந்தப் பக்கத்தில் படுக்க விடாமல் பார்த்திருப்பார்கள்.

மகளே, உனக்கு வருகிறேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் இருந்தவள். வந்த குறிப்புகளில் பதினேழு என்னிடம் இன்னும் இருக்கின்றன. தெய்வம் என்று எழுதிய ஒன்றுகூட அதில் இல்லை. அவை பொய் என்று சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் யார் எழுதியது, எந்த நோயாளி என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவுதான். நான் வைத்திருப்பதில் எல்லாம் ஒரு இரவு இருக்கிறது, ஒரு காரியம் இருக்கிறது.

எங்கள் வேலையில் பாதி, ஏதோ ஒன்று நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான். குழாயில் ஊட்டும்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தால் புரையேறுவது குறையும். நேரத்துக்குத் திருப்பிப் படுக்கவைத்தால் பெரும்பாலும் புண் வராது. வந்த புண்ணுக்குத்தான் எல்லோரும் எங்களைத் திட்டுவார்கள். வராமல் போன புண்ணுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. அதனால் நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அந்த சிஸ்டர் இருந்ததால் உன் அப்பாவுக்கு எது நடக்கவில்லை? யோசித்துவிட்டு வா.

அம்மாவின் மூன்றாவது பிள்ளை:

என் அம்மாவுக்கு மறதி நோய். நர்ஸ் ஒருவருக்குச் சால்வை வாங்கி, உள்ளே மடித்துக் குறிப்பையும் வைத்துக் கொடுத்தேன். அங்கே பரிசு வாங்கக் கூடாது என்று விதி. பார்சலைப் பிரிக்காமலே திருப்பிவிட்டார்கள், குறிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. மறுநாள் குறிப்பை மட்டும் தனிக் கவரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அதனால் இரண்டையும் ஒட்டாதீர்கள். பரிசு திரும்பி வந்தாலும் எழுத்து அவரிடமே இருக்கட்டும்.

அம்மா என்னை மறந்த பிறகும் அந்த நர்ஸின் குரல் கேட்டால் தலையைத் திருப்புவார். அதைத்தான் எழுதினேன், வேறு ஒன்றும் எழுதவில்லை. எழுதும்போது எனக்கு வலித்தது. ஆனாலும் எழுதினேன்.

இளைய மகள்:

சிஸ்டர் அம்மா, நீங்கள் கேட்டதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு இரவு ஞாபகம் வந்தது.

ஐந்தாம் நாள் என்று நினைக்கிறேன். அப்பாவைத் திருப்பும்போது அவர் டார்ச் அடித்து, இடுப்புக்குக் கீழே எலும்பு முட்டும் இடத்தைப் பார்த்தார். சிவந்திருந்தது. விரலால் அழுத்தி எடுத்தார், சிவப்பு அப்படியே இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றிலிருந்து அப்பாவை நேராக மல்லாத்திப் படுக்கவைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்துத்தான் வைத்தார். கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் தூக்கி வைத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வருவார். ஒவ்வொரு முறையும், "அப்பா, இப்ப உங்களை வலது பக்கம் திருப்பப் போறேன்" என்று காதருகே சொல்லிவிட்டுத்தான் தொடுவார். அப்பாவுக்குப் புரிகிறதா என்று எங்களுக்கே தெரியாத நேரம் அது.

அப்பா போன அன்று உடை மாற்றும்போது அம்மா முதுகைப் பார்த்துவிட்டு, "ஒரு புண்கூட இல்லை" என்றார். அந்த நேரத்தில் அதை ஏன் சொல்கிறார் என்று நினைத்தேன்.

இதை வைத்து எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம் வந்துவிட்டது. பகல் நேர நர்ஸ் ஒருவர் எங்களிடம் எரிந்து விழுந்ததையும், இவர் அப்படி இல்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். அப்பா இறந்ததை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர்:

அழுத்தியும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் படி. அரை இருட்டில் அதைக் கண்டுபிடித்தது கவனமான கண். அந்த ஒன்றையே எழுது.

எரிந்து விழுந்தவரை எடுத்துவிடு. அந்தக் குறிப்பை உன் சிஸ்டர் சக நர்ஸ்கள் முன்னால்தான் பிரிப்பார். இன்னொருவரைக் குறைத்து எழுதியிருந்தால் யாருக்கும் காட்ட முடியாமல் மடித்து வைத்துவிடுவார். அந்தக் குறையைச் சொல்ல வேண்டுமென்றால் தனியாக எழுது.

இறந்ததை நேராகவே சொல். நோயாளி இறந்த வீட்டிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும், குற்றம் சொல்லியிருப்பார்களோ என்று. அதனால் யார் எழுதுகிறீர்கள், எதற்கு எழுதுகிறீர்கள் என்பது முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிட வேண்டும். பெயரை மட்டும் எழுதினால் ஞாபகம் வராது. எந்த மாதம், எந்தப் படுக்கை, பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுது. நோயின் பெயர் வேண்டாம், அந்தக் காகிதம் பலர் கையில் போகும்.

ஒரு நகலை நர்ஸிங் சூப்பிரண்டென்டிடம் கொடு. அதில் சிஸ்டரின் பெயர் அடையாள அட்டையில் இருப்பது போலவே இருக்கட்டும், தேதியும் வார்டும் போடு. க்ரீம் தீர்ந்துவிடும். அந்த நகல் அவருடைய பணிக் கோப்பில் இருக்கும்.

இரண்டு ஆஸ்பத்திரி பார்த்தவன்:

தேய்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாது, சிஸ்டர். இத்தனை வருடமாக நாங்கள்தான் குணப்படுத்தினோம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு சந்தேகம். ஒருவர் பெயரை மட்டும் எழுதினால் மற்றவர்கள் வருத்தப்பட மாட்டார்களா? திருப்பிப் படுக்கவைத்தது பகலிலும் நடந்திருக்குமே.

ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர்:

நடந்திருக்கும். சிவந்ததைப் பார்த்ததும் டியூட்டி மாறும்போது இவர் சொல்லியிருப்பார், பகலில் இருந்தவர்கள் தொடர்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரு வரி எழுதலாம். எழுதினால் இவருக்கானது நீர்த்துப்போகும் என்பது என் எண்ணம். மகள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அம்மாவின் மூன்றாவது பிள்ளை:

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அம்மாவுக்குக் கடைசி நாள் ஊட்டிவிட்டவரின் பெயரே எனக்குத் தெரியாது. அவரையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம் என்று இன்றுவரை உறுத்துகிறது.

இளைய மகள்:

கொடுத்துவிட்டேன். இதுதான் எழுதியது:

"சிஸ்டர், ஜூன் மாதம் உங்கள் வார்டில் ஜன்னலோரப் படுக்கையில், தலைமாட்டில் சின்ன ரேடியோவோடு இருந்தவரின் இளைய மகள் நான். உங்களுக்கு நன்றி சொல்ல எழுதுகிறேன். ஐந்தாம் நாள் இரவு அப்பாவின் இடுப்புக்குக் கீழே சிவந்திருந்ததை விரலால் அழுத்திப் பார்த்தீர்கள். அதன் பிறகு அந்த இடம் படுக்கையில் படவே இல்லை. ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் திருப்பினீர்கள். 24-ஆம் நாள் அவர் போனபோது உடம்பில் ஒரு புண்கூட இல்லை. அம்மா பார்த்துச் சொன்னார். பகலில் இதைத் தொடர்ந்தவர்களுக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். இந்த க்ரீம் உங்கள் கைகளுக்கு. பதில் எழுத வேண்டியதில்லை."

குறிப்பைத் தனிக் கவரில் வைத்து, நைட் டியூட்டி முடியும் நேரத்துக்குப் போனேன். சிஸ்டர் அம்மா, பகல் ஆட்களையும் சேர்த்ததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். க்ரீமை வார்டுக்குப் பொதுவாக வைத்துக்கொள்கிறோம், தனியாக வாங்கக் கூடாது என்றார் அந்த நைட் சிஸ்டர். கவரை வாங்கி, நின்றபடியே படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

அப்புறம் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். வலது பக்கம் திருப்பும்போது மட்டும் அப்பா இடது கையால் அவருடைய கையைப் பிடித்துக்கொள்வாராம். ஆரம்பத்தில் சொல்லாமல் திருப்பியபோது இறுக்கிப் பிடித்தாராம். சொல்லிவிட்டுத் திருப்பினால் சும்மா வைத்துக்கொண்டிருப்பாராம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எந்தக் கை என்று கேட்டார். இடது கை என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.