புதுப்பிப்பு: பெட்டி மூடியின் ஸ்டே

முன்பு இங்கே நான் கேட்டது: "தேக்குப் பெட்டி மூடியைத் திறந்து வைத்தால், அதைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டே கம்பியின் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வருகிறது. என்ன செய்ய?"

பதிலில் நீள ஸ்க்ரூ போடச் சொன்னவர் பாதி சரி. ஆனால் 18 மி.மீ. பலகையில் அது மறுபக்கம் எட்டிப் பார்த்தது!

தச்சு வேலை பார்க்கும் அண்ணன் கேட்டதுதான் விஷயம்: "கீலிலிருந்து எவ்வளவு தள்ளி மாட்டினீங்க?" வெறும் 6 செ.மீ. அத்தனை பக்கத்தில் மாட்டினால் மூடியின் எடை முழுக்க நெம்புகோல் மாதிரி ஸ்க்ரூவை இழுக்கும். நீளமான ஸ்டே வாங்கி 18 செ.மீ.க்கு மாற்றினேன், இழுவை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பழைய ஓட்டைகளில் மூங்கில் குச்சியைப் பசை தடவி அடித்தேன்.

இப்போது ஸ்க்ரூ அசையவில்லை. ஆனால் ஸ்டே ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் மூடியின் எதிர்மூலை லேசாக முறுக்கிக்கொள்கிறது. இன்னொன்று போடலாமா?